அணிலும் ஆமையும்

நேற்று ராத்திரி ஒரு டீசருக்குக் கீழே நடந்த சண்டையைக் கடைசி வரி வரை படித்துத் தொலைத்தேன். கண் இன்னும் எரிகிறது. டீசரை நான் பார்க்கவில்லை. அதை யார் பார்க்கிறார்கள்? நாமெல்லாம் நேராகக் கீழேதானே இறங்குகிறோம்.

கோபம் சண்டையின் மேல் இல்லை. சமாதானம் செய்ய வந்த ஒரு பெரியவர் மேல். விஜய் ரசிகனை ஒருத்தன் ‘அணில்’ என்றான், இவன் அஜித் ரசிகனை ‘ஆமை’ என்றான். உடனே பெரியவர் உள்ளே புகுந்து நாகரிகம், பண்பாடு என்று ஒரு பத்தி எழுதிவிட்டார். அதற்கு மூன்று வரி கீழே, படம் சுமார் என்று சொன்ன ஒரு பெண்ணிடம் எவனோ வீட்டு விலாசத்தைக் கேட்டு மிரட்டியிருந்தான். அது அவர் கண்ணிலேயே படவில்லை. கெட்ட வார்த்தை இல்லை, பாருங்கள்!

ஆகவே பொதுநலன் கருதி, கிண்டலையும் வசவையும் பிரித்தறிய மூன்று அடையாளங்கள் சொல்கிறேன்.

முதலாவது, அடி எங்கே விழுகிறது என்று பாருங்கள். படம், நடனம், நடை, தலைமுடி, வசூல் என்று நடிகரைச் சுற்றியே விழுந்தால் விளையாட்டு. அதிலும் வசூல் இருக்கிறதே, அது தனிச் சுகம். 2023 ஜனவரி 11ஆம் தேதி ‘வாரிசு’, ‘துணிவு’ இரண்டும் ஒரே நாளில் வந்தன. எங்கள் திருப்பாப்புலியூர் டீக்கடை பெஞ்சில் அன்று தொடங்கிய கணக்கு இன்னும் முடியவில்லை. பைக் தவணை எவ்வளவு பாக்கி என்று தெரியாத பையனுக்கு என்.எஸ்.சி. ஏரியா ஷேர் பைசா சுத்தமாகத் தெரிகிறது. என்.எஸ்.சி. என்றால் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு. தென் ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சினிமா விநியோகத்தில் மட்டும் கடலூர்க்காரன் இன்னும் தென் ஆற்காட்டில்தான் குடியிருக்கிறான். ஒருத்தன் கிராஸ் சொல்வான். அதில் வரியும் தியேட்டர் பங்கும் போனால்தானே ஷேர் என்று மற்றவன் மடக்குவான். “அப்போ எம்.ஜி. கொடுத்து வாங்கினவன் தலையில துண்டா?” என்று மூன்றாமவன் கேட்பான். உங்கள் ஆளுக்கு டிக்கெட் விலை அதிகம், எங்கள் ஆளுக்குத் தியேட்டர் குறைவு, பொங்கல் லீவைக் கழி, மழையைக் கூட்டு... இதில் அழகு என்னவென்றால், விடைத்தாளே கிடையாது. யார் சொல்லும் தொகையையும் அடித்துச் சொல்ல அதிகாரபூர்வமான கணக்கு இங்கே இல்லை. தோற்றேன் என்று யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பஜ்ஜியைப் பங்கு போட்டுக்கொண்டே ஆயுளுக்கும் சண்டை போடலாம். நானும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ‘ஜில்லா’வும் ‘வீரமு’ம் மோதிய 2014 பொங்கலிலிருந்து... சரி, விடுங்கள். அது பெரிய கதை.

இரண்டாவது, பதிலுக்கு இடம் விட்டிருக்கிறானா என்று பாருங்கள். ‘வலிமை’ அப்டேட் கேட்டு நம் பசங்கள் அலைந்தார்களே, அது இடம் விட்ட சேட்டை. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் பவுண்டரி ஓரம் நின்ற இங்கிலாந்தின் மொயீன் அலியிடமே கேட்டார்கள். பாவம், அவருக்கு என்ன தெரியும்? கூச்சப்பட்டது அஜித்தான், அறிக்கை விட்டுக் கண்டித்தார். ஆனால் விஜய் ரசிகனுக்கு அது வருஷம் முழுக்கத் தீனி. இவன் போட்ட பந்தை அவன் அடித்தான், அவ்வளவுதான்.

2019 ஜூலையில் #RIPactorVIJAY என்று ஒன்றை நாடு முழுக்க ட்ரெண்ட் செய்தார்களே, அதற்கு என்ன பதில் போட முடியும்? உயிரோடு இருக்கிற மனிதரை, ‘இருக்கிறார்’ என்று நிரூபிக்க வேண்டிய நிலை. ஒரே வாக்கியத்தை ஆயிரம் பேர் நகலெடுத்து ஒட்டுகிற இடத்தில் பேச்சு இல்லை, படையெடுப்புதான் இருக்கிறது. சிரிப்பு பொம்மை எத்தனை ஒட்டினாலும் அது கிண்டல் ஆகாது.

முன்பெல்லாம் மன்றம் என்று ஒன்று இருந்தது. முனையில் போர்டு, போர்டில் கிளைத் தலைவர் பெயர். பையன் எல்லை மீறினால் தலைவர் வீட்டுக்குப் போய்க் கத்தலாம். 2011இல் அஜித் தன் மன்றங்களைக் கலைத்தார். மன்றம் போனது, சண்டை போகவில்லை. கத்துவதற்கான வீடுதான் போனது. இப்போது மிரட்டுகிறவன் முகமாக நடிகரின் படம் இருக்கிறது. பெயரில் நான்கு எண் இருக்கிறது. அந்தப் பெண் யார் வீட்டுக் கதவைத் தட்டுவாள்?

மூன்றாவது அடையாளம்தான் முக்கியம். ஆனால் இதை எழுதும் நேரத்தில் ட்ரெய்லர் வந்துவிட்டதாம். கீழே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். எவனாவது 2014 பொங்கல் கணக்கைத் தப்பாகப் போட்டிருப்பான்.