வீடு பெற்ற மாப்பிள்ளை

என் தங்கை வீட்டுக்காரர் புது வீடு கட்டி முடித்தார். புதுமனை புகுவிழாவுக்கு என்னிடம் சீர் கேட்கவில்லை, ஒரு வெண்பா கேட்டார். "மச்சான், நாலே வரிதானே. ஃபிளெக்ஸ்ல போட்டு வாசல்ல கட்டிடலாம்" என்றார். சீர் கேட்டிருந்தால் ஒரு பித்தளை அண்டாவோடு தப்பித்திருப்பேன்.

ஒரு மணி நேரத்தில் முதல் வரி வந்துவிட்டது: 'வீடுபெற்ற மாப்பிள்ளை வாழியவே பல்லாண்டு'. தளை தட்டவில்லை, வீக்கு வா மோனையும் இருந்தது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். புலவர் ஐயா என்போம். அவரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்பப்பா? உடம்புக்கு என்ன செஞ்சுது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அறம், பொருள், இன்பம் என்ற மூன்றுக்கும் அப்புறம் வரும் நான்காவது வீட்டை அவர்தான் நினைவுபடுத்தினார். வீடு பெற்றவன் மோட்சத்துக்குப் போனவன். அப்படிப் போனவனைப் பல்லாண்டு வாழச் சொல்லியிருக்கிறேன். இரங்கற்பாவாகக்கூடத் தேறாது என்றார்.

சரி, வீடு வேண்டாம், மனை இருக்கிறதே என்று மறுநாள் வேறொரு வரியோடு போனேன்: 'புத்தம் புதுமனையைப் பூரிப்பாய் ஏற்றவரே'. ஐயா இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை. "தங்கச்சிகிட்டச் சம்மதம் வாங்கியாச்சா?" என்று மட்டும் கேட்டார். மனை என்றால் மனைவியும்தான்.

வெண்பாவின் சங்கடத்தை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதில் ஒவ்வொரு சீரும் ரயில் பெட்டி மாதிரி. பெட்டிக்குப் பெட்டி கொக்கி மாட்ட வேண்டும். ஓர் எழுத்து தனியாக ஒலித்தால் அது நேர் அசை. ஒரு குறில் இன்னோர் எழுத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டால் நிரை. பின்னால் புள்ளி வைத்த எழுத்து எத்தனை தொங்கினாலும் கணக்கில் இல்லை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் அது மாச்சீர், அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். நிரையில் முடிந்தால் விளச்சீர், அடுத்தது நேரில் தொடங்க வேண்டும். மூன்று அசை வந்து நேரில் முடிந்தால் காய்ச்சீர், அதற்கும் அடுத்தது நேர்தான். மூன்றாவது அசை நிரையானால் கனிச்சீர். அதற்கு வெண்பாவில் இடமே இல்லை. காய்க்கு அனுமதி உண்டு, கனிக்கு இல்லை என்பது எந்தத் தோட்டத்துச் சட்டமோ தெரியவில்லை.

ஆகவே நமக்குப் பிடித்த சொல்லை நினைத்த இடத்தில் உட்கார வைக்க முடியாது. பக்கத்துச் சீட்டுக்காரர் யார் என்று பார்த்துத்தான் உட்கார வைக்க வேண்டும்.

மூன்றாம் வரியில் எனக்கு 'கட்டிய' என்ற சொல்லும் 'காலமெல்லாம்' என்ற சொல்லும் கிடைத்துவிட்டன. இரண்டுக்கும் நடுவே ஒரு வீடு வேண்டும். 'கட்டிய' என்பது விளம். எனவே நடுவில் வருவது நேரில் தொடங்க வேண்டும். 'காலமெல்லாம்' நேரில் தொடங்குவதால், நடுவில் வருவது விளமாகவோ காயாகவோ முடிய வேண்டும். முன்னும் பின்னும் அளந்து வைத்த ஜன்னல் சட்டத்துக்குக் கண்ணாடி வாங்கப் போகிற வேலை.

புலவர் ஐயாவின் அட்டை கிழிந்த சூடாமணி நிகண்டை வாங்கி வந்தேன். அந்த நூலை எழுதிய மண்டல புருடர் என் போன்றவர்களை முன்கூட்டியே நினைத்து இரங்கியிருக்கிறார். ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் பதினோராம் தொகுதியைச் சொற்களின் எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்து வரிசையில், அடுக்கியிருக்கிறார். அகராதியைத் திறக்கிறவன் முதலெழுத்தைத் தேடுவான், பாட்டு எழுத உட்கார்ந்தவன் இரண்டாம் எழுத்தைத் தேடுவான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நிகண்டிலும் பிறகு வீட்டிலிருந்த அகராதியிலுமாக அன்றிரவு நான் ஏறி இறங்காத வீடு இல்லை. மனை, அகம், குடில், குடிசை, உறையுள், பவனம் எல்லாம் நிரையில் தொடங்கி வாசலிலேயே நின்றுவிட்டன. குடிசை உள்ளே வந்திருந்தால் மாப்பிள்ளை என்னை வெளியே அனுப்பியிருப்பார். 'மாளிகையில்' கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் இரண்டரை சென்ட்டில் கட்டிய வீட்டை மாளிகை என்றால் சொந்தக்காரர்கள் கிண்டல் என்பார்கள், கடன்காரர்கள் உண்மை என்று நம்புவார்கள். 'மந்திரம்' என்றாலும் வீடுதானாம். 'கட்டிய மந்திரத்தில் காலமெல்லாம்' என்று எழுதிப் பார்த்தேன், தளை பிசகவில்லை. தாயத்து விற்கிறவனுக்குக் கொடுக்கலாம்.

காலையில் போய் ஐயாவிடம் அழுதேன். "உனக்கு யாருப்பா வேற சொல்லு தேடச் சொன்னது? பெயரை விட்டுட்டு வாலைப் பிடி" என்றார்.

வேற்றுமை உருபைத்தான் அவர் வால் என்றார். 'வீட்டில்' என்றால் மா, நம் இடத்துக்கு ஆகாது. அதையே 'வீட்டினில்' என்றால் விளம். 'வீட்டுக்கு' என்றால் காய். ஒரே வீடு, வாலை நீட்டி மடக்கினால் மூன்று அளவு. பக்கத்தில் 'கட்டிய' என்ற சொல் காவலுக்கு நிற்பதால் மோட்ச பயமும் இல்லை. மோட்சத்தை யாரும் கொத்தனார் வைத்துக் கட்டுவதில்லை. ஆனாலும் 'வீட்டினில்' என்பதில் அந்த 'இன்' வெறும் இடம் நிரப்ப வந்தது என்று படிக்கிறவனுக்குத் தெரிந்துவிடும் என்றார் ஐயா. கடைசியில் 'இல்லத்தில்' நின்றது. நேரில் தொடங்கி, காயில் முடிந்து, யாரையும் கொல்லாமல், யாருக்கும் இரண்டாம் தாரம் கட்டி வைக்காமல்.

இனி முடிவு. எல்லா வாழ்த்தும் 'வாழ்க வளமுடன்' என்று முடிய வேண்டும் என்பது மாப்பிள்ளையின் ஆசை. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். 'வளமுடன்' இரண்டு முழு நிரை, நான்கிலும் சேராது. தமிழ்நாட்டு ஆட்டோக்களின் முதுகில் எல்லாம் இடம் பிடித்த சொல்லுக்கு வெண்பாவின் வாலில் இடமில்லை. செழித்து, சிறந்து, உயர்ந்து, மகிழ்ந்து என எல்லாமே பிறப்பு வாய்பாட்டில் வரும். ஆனால் வரியின் தொடக்கத்தில் இருந்த 'கிட்டிடவே' மோனைக்கு ஒரு கி கேட்டது. இப்படி முடிந்தது:

செங்கல் அடுக்கிச் சிமெண்டுடன் சேர்த்தழகாய்ப்
பொங்கியபால் போலே பொலிவுடனே - தங்கையுடன்
கட்டிய இல்லத்தில் காலமெல்லாம் நல்லின்பம்
கிட்டிடவே வாழ்க கிளர்ந்து

முதல் வரியில் 'அழகாய்' எதற்கு என்று கேட்காதீர்கள். செங்கல்லுக்கும் பாலுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருந்தது, பூசியிருக்கிறேன்.

விழா அன்று அதிகாலையில் போய் இறங்கினேன். வாசலில் பன்னிரண்டடி ஃபிளெக்ஸ். என் வெண்பாவும், கீழே என் பெயரும். கடைசி வரி 'கிட்டிடவே வாழ்க வளமுடன்' என்று இருந்தது.

"கிளர்ந்துன்னா ஏதோ கிளர்ச்சி, மறியல் மாதிரி இருக்குன்னு ஃபிளெக்ஸ் கடைத் தம்பி சொன்னாப்ல, மச்சான். நான்தான் மாத்தச் சொன்னேன்" என்றார் மாப்பிள்ளை, பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டே.

அதற்குள் புலவர் ஐயா வந்துவிட்டார். ஃபிளெக்ஸ் முன்னால் நின்று, உதட்டை அசைத்தபடி, சீருக்கொரு விரலாக மடக்கிக்கொண்டே வந்தார். பதினான்காவது விரல் வரை ஒழுங்காக மடங்கியது. பதினைந்தாவது மடங்காமல் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றது. அந்த விரலாலேயே என் பெயரைத் தொட்டுக் காட்டினார். நான் பால் பொங்கிவிட்டதா பார்க்க அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.