பார்த்துட்டுச் சொல்றேன்

லோகோ முடிகிற வரைக்கும் அந்த இனிப்புக் கடை முதலாளிக்கு ராத்திரி பதினொரு மணிக்கும் என் ஞாபகம்தான். மஞ்சளைக் கொஞ்சம் தூக்குங்க, லட்டைக் கொஞ்சம் உருட்டுங்க என்று ஒன்பது திருத்தம். கடைசி மாதிரியை அனுப்பியதும், "பார்த்துட்டுச் சொல்றேன் தம்பி" என்றார். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை.

மூன்றாம் வாரம் அந்தப் பக்கம் போனேன். கடை முகப்பில் பன்னிரண்டு அடி ஃபிளெக்ஸ். அதில் என் லோகோ, குறுக்கே நான் போட்டிருந்த 'மாதிரி மட்டும்' என்ற எழுத்தோடு! ஒப்புதல் தரத்தான் மனமில்லை. மாட்ட மனம் இருந்திருக்கிறது.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டம் இவரைப் பார்த்தே எழுதியதுபோல் இருக்கும். உத்யம் பதிவு வைத்திருப்பவர் ஒப்படைத்த வேலைக்கு 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பணத்தை 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் கூட்டு வட்டி.

இதை பில்லோடு அனுப்பினேன். ஐந்தே நிமிஷத்தில் போன்.

"தம்பி, அந்தக் குறுக்கெழுத்தை மட்டும் எடுத்துக் கொடுங்களேன்."

"பார்த்துட்டுச் சொல்றேண்ணே."