மூணாம் பக்கத்தில் நிமிர்ந்த தறி

நேற்று ராத்திரி ஒரு வார இதழில் மறுபடியும் அந்தக் கதையைப் படித்துத் தொலைத்தேன். பெங்களூரு வேலையை உதறிவிட்டு மகள் ஆண்டிபட்டி சக்கம்பட்டிக்கு வருகிறாள். அப்பாவின் கைத்தறிக் கடை பூட்டிக் கிடக்கிறது. சன்னலுக்கு வெளியே திராட்சைத் தோட்டம் தெரிகிறதாம்! கம்பம் போக இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் நசுங்க வேண்டும் ஐயா. அது போகட்டும். தாத்தாவின் தறியில் உட்காருகிறாள், சாயங்காலத்துக்குள் சேலை. மூணாம் பக்கத்தில் கடை நிமிர்ந்துவிட்டது. நிஜத்தில் எப்படி நிமிர்த்துவது என்று கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் பாவு. பத்து வருஷம் பூட்டிய வீட்டில் தறியில் பாவு இருக்குமா? எலி விட்டுவைக்குமா? பழைய பாவின் நுனி மிஞ்சியிருந்தால் புதுப் பாவை அதோடு இழை இழையாகப் பிணைக்கலாம். அங்குலத்துக்கு 70 இழை என்று வையுங்கள். 48 அங்குல அகலத்துக்கு 3360 இழை. விரலில் சாம்பலைத் தொட்டு ஒவ்வொன்றாக முறுக்க வேண்டும். எலி அந்த நுனியையும் தின்றிருந்தால் தொலைந்தது. 3360 இழையையும் முதலில் விழுதின் கண்ணில், பிறகு அச்சுப் பல்லில் நுழைக்க வேண்டும். நடுவில் ஒரு இழை விட்டுப்போனால் சேலையின் நீளத்துக்கும் ஒரு கோடு ஓடும். ஒரு பாவில் பல சேலை. அத்தனைக்கும் அதே கோடு. கதாநாயகி இதை எப்போது செய்தாள்? இரண்டு பத்திக்கு நடுவில் மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறார்களே, அங்கேயா?

பாவுக்குக் கஞ்சி போட்டது யார்? கஞ்சி ஏறாத நூல் அச்சில் உரசி உரசிப் பஞ்சாகும், நொடிக்கொரு தரம் அறும். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை விரித்துக் கஞ்சி ஊட்டி வெயிலில் ஆற்றணும். கதையிலோ அன்றைக்குப் பார்த்து சாரல். ரொம்ப அழகு. சாரலில் பாவு ஆற்றுகிற ஊரை எனக்கும் காட்டுங்கள்.

எங்கள் தெருவில் தறி நெய்த பெரியப்பா ஒருவரிடம் கதையை வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "எல்லாஞ் சரிதான். ஊடைக்குத் தார் சுத்திக் குடுத்தது யாருப்பா?" என்றார். வீட்டுப் பொம்பளைகள் ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றித் தராவிட்டால் நாடா வெறுமனேதான் ஓடும். அந்த வேலைக்குத் தனிக்கூலி கிடையாது, கதையில் ஒரு வரியும் கிடையாது.

எனக்கு நெய்யத் தெரியாது. அறுந்த பட்டனைத் தைக்கவே இரண்டு பேர் வேண்டும். ஆனாலும் எரிச்சல் வருகிறது. கதையைப் படித்துக் கண் கலங்குகிற அதே ஆள்தான் கடை ஏறி வந்து, "விசைத்தறியில பாதி விலைக்குக் கிடைக்குதே" என்கிறார்.

கடையை நிமிர்த்தும் வழியா? இருங்கள், பிணைத்து முடியட்டும். இப்போதுதான் ஐந்நூறாவது இழை.