மூன்றாம் வகுப்பைக் காணவில்லை

டைட்டானிக் 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் மூழ்கியது எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஹாஸ்டல் இரண்டாம் மாடியில் அது இன்னொரு முறை மூழ்கிய கதை வெளியே வரவில்லை. முதல் முறை பனிப்பாறை. இரண்டாம் முறை, ஒரு ஃபில்டர்.

டேட்டா அனலிடிக்ஸ் மினி புராஜெக்ட். காலை பத்து மணிக்கு சப்மிஷன். நம்ம ஆள் டைட்டானிக்கை எடுத்ததற்குக் காரணம் வரலாற்று ஆர்வம் அல்ல. வகுப்பில் பாதிப் பேர் எடுத்திருந்தார்கள், சந்தேகம் வந்தால் எட்டிப் பார்க்கலாம். train.csv என்ற அந்த ஃபைலில் 891 வரிசை. வரிசைக்கு ஒரு பயணி. Survived என்ற நெடுவரிசையில் 1 இருந்தால் ஆள் பிழைத்தார், 0 இருந்தால் கதை முடிந்தது. Pclass என்பது டிக்கெட்டின் வகுப்பு.

பவர் பிஐயில் டாஷ்போர்டு பளபளவென்று வந்துவிட்டது. கடல் நீலப் பின்னணி, மூலையில் கப்பல் படம். நடுவில் கொட்டை எழுத்தில் பிழைத்தவர் விகிதம்: 55.75%.

எண் கிடைத்துவிட்டால் தத்துவம் தானாக வரும். "பயணிகளில் பாதிக்கு மேல் காப்பாற்றப்பட்டது மாலுமிகளின் கடமை உணர்வைக் காட்டுகிறது" என்று ரிப்போர்ட்டில் எழுதினான். பெண்களில் 100க்கு 95 பேர் பிழைத்ததாக சார்ட் சொன்னதும் உணர்ச்சிவசப்பட்டு, அந்தக் காலத்து ஆண்களின் பெருந்தன்மையைப் பற்றி அரைப்பக்கம். ஏறிய துறைமுகங்களின் சார்ட்டில் அயர்லாந்தின் குயின்ஸ்டவுனுக்கு நேரே ஐந்தே பேர். அத்தனை பெரிய கப்பலை நிறுத்தி ஐந்து பேரை ஏற்றியிருக்கிறார்கள். நம்ம ஊர் ஷேர் ஆட்டோக்காரர்கூட இன்னும் இரண்டு பேருக்காகக் காத்திருப்பார். இதற்கும் அவன் அசரவில்லை. "குயின்ஸ்டவுன் மக்கள் கடற்பயணத்தில் ஆர்வம் குறைந்தவர்கள்" என்று ஒரு வரி சேர்த்தான். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன அயர்லாந்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறிய துறைமுகம் அது.

இரவு ஒன்றரைக்கு, சிவில் படிக்கும் ரூம்மேட் தண்ணீர் குடிக்க எழுந்தான். டேட்டா சயின்ஸ் தெரியாது. ஆனால் ஜேம்ஸ் கேமரூன் படத்தை டிவியில் போட்டபோதெல்லாம் பார்த்தவன்.

"என்னடா, பாதிப் பேர் பொழைச்சிட்டாங்களா? படத்துல கடல் முழுக்க பொணமா மிதக்குமே."

"அது சினிமா மச்சி. இது டேட்டா."

"சரி, ஜாக் எந்த கிளாஸ்?"

"ஜாக் கற்பனைடா. தேர்டு கிளாஸ்னு வெச்சுக்கோ."

"உன் சார்ட்ல தேர்டு கிளாஸ் எங்க?"

நம்ம ஆள் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். வேகமாக ஒரு கார்டு போட்டு PassengerId-ஐ எண்ணச் சொன்னான். 400 என்றது. டேபிளைத் திறந்தால், கீழே 891 என்று சமர்த்தாக எழுதியிருந்தது. 491 பேரைக் காணவில்லை.

அடுத்த ஒரு மணி நேரம் வழக்கமான பூஜைகள் நடந்தன. ரெஃப்ரெஷ் அடித்தான். ஃபைலை அழித்து மறுபடி ஏற்றினான். வயது இல்லாத வரிசைகள்தான் காரணம் என்று எண்ணிப் பார்த்தான். அவை 177தான், கணக்கு உதைத்தது. ஃபில்டர் பேனில் தேடினான், அங்கே ஒன்றுமில்லை. இருக்காது. பக்கத்தில் வைக்கிற ஸ்லைசர் அந்தப் பட்டியலில் வராது. ஒரு சார்ட்டின் ஓரத்தில் தெரியும் குட்டிப் புனல் சின்னத்தின் மேல் மவுஸை வைத்தால்தான், அந்த சார்ட்டை எது எது வடிகட்டுகிறது என்று தெரியும். வைத்தான். Pclass: 1, 2 என்றது.

நடந்தது இதுதான். முதல் பக்கத்தில் Pclass-க்கு ஒரு ஸ்லைசர் வைத்திருந்தான். இரண்டாம் பக்கத்தில் முதல் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் மட்டும் ஒப்பிட நினைத்து, அதையே காப்பி செய்து ஒட்டினான். "Sync" செய்யவா, "Don't sync" ஆ என்று சாஃப்ட்வேர் மரியாதையாகக் கேட்டது. எந்தப் பெட்டி வந்தாலும் முதல் பட்டனை அமுக்குவது நம்ம ஆளின் குலவழக்கம். இரண்டு ஸ்லைசரும் ஒட்டிப் பிறந்தவை ஆகிவிட்டன. பிறகு முதல் பக்கத்தில் கப்பல் படத்துக்கு இடம் போதவில்லை என்று, செலக்ஷன் பேனில் கண் சின்னத்தை அமுக்கி ஸ்லைசரை மறைத்தான். மறைத்தால் போய்விட்டது என்று நினைப்பு. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை. மறைந்த ஸ்லைசர் வேலையை விடாது. இரண்டாம் பக்கத்தில் 1, 2 என்று டிக் செய்த கணமே, முதல் பக்கத்தில் மூன்றாம் வகுப்பு மொத்தமும் சத்தமில்லாமல் கடலுக்குள் போனது.

ஸ்லைசரை வெளியே இழுத்து டிக்கை எடுத்தான். 55.75% விழுந்து 38.38% ஆனது. 891 பேரில் பிழைத்தவர்கள் 342. மூன்றாம் வகுப்பின் 491 பேரில் கரையேறியவர்கள் 119தான். 95 சதவீதப் பெண்கள் 74க்கு இறங்கினார்கள், ஏனென்றால் மூன்றாம் வகுப்புப் பெண்களில் சரிபாதி இறந்திருந்தார்கள். பெருந்தன்மை டிக்கெட் விலை பார்த்து வந்திருக்கிறது. குயின்ஸ்டவுனின் ஐந்து பேர் 77 ஆனார்கள். அதில் 72 பேர் மூன்றாம் வகுப்பு.

"படுபாவி, ஏழைகளா பார்த்து முழுகடிச்சிருக்கியே" என்றான் ரூம்மேட்.

இதில் நம்ம ஆளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 1912இல் லண்டனில் மெர்சி பிரபு தலைமையில் பெரிய விசாரணை நடந்தது. மூன்றாம் வகுப்பாருக்குப் பாரபட்சம் காட்டப்படவில்லை என்று தீர்ப்பும் வந்தது. அந்த விசாரணையில் சாட்சி சொல்ல மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவர்கூட அழைக்கப்படவில்லை. பிரபுவிடம் பவர் பிஐ இல்லை, ஆனால் ஸ்லைசர் அதேதான்.

மறுபடி இப்படி ஆகக் கூடாது என்று, மூன்று மணிக்கு டாஷ்போர்டின் மூலையில் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்:

```
Shown = COUNTROWS(train)
Total = CALCULATE(COUNTROWS(train), ALL(train))
```

முதலாவது, ஃபில்டருக்குத் தப்பியவர்கள். இரண்டாவது, எந்த ஃபில்டர் இருந்தாலும் அசையாத மொத்தம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு ஸ்லைசர் ஒளிந்திருக்கிறது. கப்பல் படத்தைத் தூக்கியதால் இடமும் கிடைத்தது. மாலுமிகளின் கடமை உணர்வு, ஆண்களின் பெருந்தன்மை, குயின்ஸ்டவுன்காரர்களின் கடல் வெறுப்பு மூன்றும் ரிப்போர்ட்டிலிருந்து நீக்கப்பட்டன. ஏற்கெனவே ஸ்பைரல் போட்ட காப்பியை என்ன செய்வதென்று தெரியாமல், மெஸ்ஸில் கொசு விரட்ட எடுத்துக்கொண்டார்கள்.

காலையில் வைவா. மேடம் டாஷ்போர்டைப் பார்த்தார். 891, 891 என்று இரண்டு எண்கள் நெஞ்சை நிமிர்த்தி நின்றன.

"எல்லா டேட்டாவும் இருக்கா?"

"எல்லாமே இருக்கு மேடம்! ஒருத்தர்கூட மிஸ் ஆகல."

"கப்பல்ல ரெண்டாயிரத்து இருநூறு பேருக்கு மேல இருந்தாங்களேப்பா."

நம்ம ஆள் திரும்பிப் பார்த்தான். உதவிக்கு ரூம்மேட் இல்லை.

"இன்னொரு ஃபைல்ல 418 பேர் இருக்காங்க மேடம். ஆனா அதுல யார் பொழைச்சாங்கன்னு விவரம் இல்ல."

"அப்பவும் 1,309தானே வருது. மிச்சம்?"

"அவங்க... வேலைக்காரங்க மேடம். மாலுமி, சமையல்காரர், கரி அள்ளிப் போட்டவங்க. ஃபைல்ல பயணிங்க மட்டும்தான்."

"அப்போ கப்பலை யாருமே ஓட்டல?"

நம்ம ஆள் யோசித்தான். "அதனாலதான் மேடம் போய் இடிச்சிருக்கு."