நூற்றுப்பத்தார் சித்தாந்தம்: பெட்ரோல் பங்க் அளவையியல் குறித்த ஓர் ஆய்வு

தமிழ்நாட்டில் இருசக்கர வாகனம் ஓட்டுவோர் இரு சமயத்தினர். பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி, சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, "நூறுக்குப் போடுங்கண்ணே" என்பவர்கள் ஒரு சாரார். இவர்களை நூறார் என்று அழைப்போம். "நூத்திப்பத்துக்குப் போடுங்கண்ணே" என்பவர்கள் மறு சாரார், இவர்கள் நூற்றுப்பத்தார். நூற்றைந்தார், நூற்றிருபதார் என்ற கிளைகளும் உண்டு. தத்துவ அளவில் அவர்கள் நூற்றுப்பத்தாருக்குள் அடக்கம் என்பதால் அவர்களுக்குத் தனி இயல் ஒதுக்கப்படவில்லை. "டேங்கை ரொப்புங்க" என்பவர்கள் வசதி படைத்தவர்கள். அவர்களுக்கு ஆய்வு தேவைப்படாது.

நூற்றுப்பத்தாரின் கொள்கையை முதலில் அவர்கள் வாயாலேயே கேட்பதுதான் முறை. வரிசையில் நமக்கு முன்னால் நிற்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்: "நூறு, எரநூறு, ஐநூறுக்கெல்லாம் ஏற்கெனவே செட்டிங் பண்ணி வெச்சிருப்பாங்க சார். நூத்திப்பத்துன்னு கேட்டா மெஷின் கணக்குப் போட்டுத்தானே ஆகணும்? அப்ப சரியா வந்துரும்." அதாவது இயந்திரம், நூறுக்கும் இருநூறுக்கும் மட்டும் விடையை மனப்பாடம் செய்துகொண்டு பரீட்சைக்கு வந்த மாணவன். பாடத்திட்டத்துக்கு வெளியே கேள்வி கேட்டால் திருட்டுத்தனம் மறந்து நேர்மையாக எழுதத் தொடங்கிவிடும். இது அழகான கொள்கை. மனிதர்கள் விஷயத்தில் ஓரளவு உண்மையாகக்கூட இருக்கலாம்.

இனிக் கணக்கு. சென்னையில் லிட்டர் ₹100.80 என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாயை 100.80-ஆல் வகுத்தால் 0.992, அதாவது 992 மில்லி. நூற்றுப்பத்தை வகுத்தால் 1.091, அதாவது 1,091 மில்லி. இரண்டிலும் ரூபாய்க்கு 9.92 மில்லிதான். கூடுதலாகக் கொடுத்த பத்து ரூபாய்க்குக் கூடுதலாக 99 மில்லி கிடைத்திருக்கிறது. இதைத் தள்ளுபடி என்று சொல்ல முடியாது, வியாபாரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் நூற்றுப்பத்தார் திரையைக் காட்டுவார்கள். திரையில் மூன்று வரி: தொகை, லிட்டர், ஒரு லிட்டர் விலை. நூறுக்குப் போட்டால் லிட்டர் வரியில் 0.99 என்று நிற்கிறது. கைபேசியை எடுத்து 0.99-ஐ 100.80-ஆல் பெருக்கினால் ₹99.79. மீதி 21 காசு எங்கே?

எங்கேயும் போகவில்லை. பல பங்க்குகளில் லிட்டர் வரி இரண்டு தசம இடத்தோடு நின்றுவிடுகிறது. அதன் ஒரு படி 10 மில்லி. காசில் அது ஒரு ரூபாய்க்குச் சற்று மேல். 992 மில்லியைக் காட்ட அந்தத் திரைக்கு இடமில்லை என்பதால் 0.99 என்கிறது. மிச்ச 2 மில்லி திரையில் இல்லையே தவிர டேங்கில் இருக்கிறது. நூற்றுப்பத்துக்கும் இதே கதைதான்: திரை 1.09 காட்டும், பெருக்கினால் ₹109.87. அங்கேயும் 13 காசு இடிக்கிறது. நூற்றுப்பத்தார் யாரும் அதைப் பெருக்கிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்தச் சமயம் தோன்றியதற்கு என்னிடம் ஓர் ஊகம் உண்டு. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியது. ஆகஸ்டில் தமிழக அரசு வரியில் மூன்று ரூபாய் குறைத்ததால் கீழே இறங்கி, சில வாரங்களில் மறுபடி ஏறிவிட்டது. அதுவரை நூறு ரூபாய்த் தாளை நீட்டியவருக்கு லிட்டர் வரி 1 என்று தொடங்கியது. அதற்குப் பிறகு 0 என்று தொடங்குகிறது. பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணைப் பார்த்தால் யாருக்கும் ஏமாந்த உணர்வு வரும். பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் அந்த 1 திரும்ப வந்துவிடுகிறது. நூற்றுப்பத்தார் வாங்குவது பெட்ரோலை அல்ல, அந்த ஒன்றை என்பது என் துணிபு.

"ஒரு லிட்டர் போடுங்க" என்று நேரடியாகக் கேட்கும் லிட்டரார் அருகிவரும் இனம். அவர்கள் ₹100.80 தர வேண்டும். 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011-லேயே செல்லாமல் போய்விட்டன. 50 காசு சட்டப்படி செல்லும். கொடுத்துப் பாருங்கள், எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரியும். ஆகவே ரொக்கக்காரர் ₹101 கொடுத்து 20 காசை நாட்டுக்கு அர்ப்பணிக்கிறார்.

இப்போது இயந்திரத்தின் வயிற்றுக்குள் போவோம். பெட்ரோல், உள்ளே ஓர் அளவுமானி வழியாகப் போகிறது. போகிற போக்கில் அதன் பிஸ்டன்களைத் தள்ளி ஒரு தண்டைச் சுழற்றுகிறது. தண்டின் தலையில் பல்சர் என்ற கருவி. (பைக் அல்ல.) தண்டு சுழலச் சுழல அது மின்துடிப்புகளை அனுப்பும்; எலெக்ட்ரானிக் பலகை அவற்றை எண்ணி, லிட்டராக்கி, விலையால் பெருக்கித் திரையில் ஏற்றும். ஊழியர் அழுத்திய 100 அல்லது 110 என்ற எண்ணுக்கு இதில் எந்த வேலையும் இல்லை. எப்போது வால்வை மூடுவது என்ற ஒரே இடத்தில்தான் அது தலையிடுகிறது. தொகை நெருங்கும்போது பாய்ச்சல் குறைந்து, கடைசி ஒன்றிரண்டு ரூபாய் மட்டும் மெல்ல ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த மெதுநடைதான் நீங்கள் சொன்ன எண்ணுக்குக் கிடைக்கும் மொத்த மரியாதை.

அப்படியானால் திருட்டே கிடையாதா? உண்டு. 2017 ஏப்ரலில் உத்தரப் பிரதேசச் சிறப்பு அதிரடிப்படை லக்னோ பங்க்குகளில் சோதனை நடத்தி, இயந்திரத்துக்குள் ஒளித்து வைத்த சில்லுகளைப் பிடித்தது. ரிமோட்டால் இயங்கும் சில்லுகள். இந்த வகைத் திருட்டு நடப்பது துடிப்பில்தான்: வந்த பெட்ரோலைவிட அதிகமாக எண்ண வைப்பது. ஐந்து விழுக்காடு குறைப்பதாக வைத்துக்கொண்டால், நூறாருக்கு ஐந்து ரூபாய் நட்டம். நூற்றுப்பத்தாருக்கு ஐந்தரை ரூபாய். திருட்டிலிருந்து தப்பிக்கக் கண்டுபிடித்த உத்தி, திருடனுக்கு ஐம்பது காசு கூடுதலாகக் கொடுக்கிறது.

இங்கே நூற்றுப்பத்தார் ஒரு மறுப்பு எழுப்பலாம்: நூறு என்று அழுத்தினால் மட்டும் குறைக்கும்படி பலகையை மாற்றி எழுத முடியாதா? முடியும். ஆனால் அவ்வளவு மெனக்கெடுகிறவன் 110-ஐயும் பட்டியலில் சேர்க்காமலா விடுவான்? ஊரே நூற்றுப்பத்து கேட்கிறது என்று வாட்ஸாப்பில் அவனுக்கும்தான் செய்தி வந்திருக்கும்.

சந்தேகம் தீர ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் கேன் ஒன்று இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். கேனின் கழுத்து குறுகலாக இருக்கும். அளவுக் கோடு அங்கேதான். குறுகலான இடத்தில் சில மில்லி வித்தியாசமும் கண்ணுக்குத் தெரிகிற உயரமாகிவிடும். முதலில் ஒருமுறை நிரப்பிக் கவிழ்த்து உட்புறத்தை ஈரமாக்க வேண்டும். காய்ந்த கேன் தன் சுவரிலேயே கொஞ்சம் பெட்ரோலை வைத்துக்கொண்டு பங்க்காரரைத் திருடனாக்கிவிடும். பிறகு சமதளத்தில் வைத்து, ஐந்து லிட்டர் என்று அழுத்திப் பிடித்து, நுரை அடங்கியதும் கோட்டைப் பார்க்கலாம். சட்டம் அனுமதிக்கும் பிழை இரு பக்கமும் 25 மில்லி, அதாவது அரை விழுக்காடு. நூறு ரூபாய்க் கணக்கில் அது 50 காசு. திரையில் காணாத 21 காசுக்குச் சண்டை போட்டவர், சட்டமே மன்னித்த 50 காசைப் பற்றி வாய் திறப்பதில்லை.

விடியற்காலைப் பள்ளியையும் தொடாமல் விட்டால் குறை சொல்வார்கள். குளிர்ச்சியில் பெட்ரோல் சுருங்கும், ஆகவே காலையில் போட்டால் அதே லிட்டரில் சரக்கு அதிகம் என்பது அவர்கள் வாதம். சுருங்குவது உண்மை: பத்து டிகிரிக்கு ஏறக்குறைய ஒரு விழுக்காடு. ஆனால் பெட்ரோல் கிடப்பது பூமிக்கடியில் புதைத்த தொட்டியில். அங்கே ராத்திரி பகல் அவ்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை. சீக்கிரம் எழுந்ததற்கு வேறு பலன் கிடைக்கலாம்.

காசுக் கணக்கிலேயே கண்ணாக இருந்தால் ரூபாய்க் கணக்கு தப்பிவிடும். ஒருவர் ஐநூறு சொல்கிறார். ₹100.80 விலையில் அது 4.96 லிட்டர். ஊழியர் காதில் இருநூறு என்று விழுகிறது, அல்லது விழுந்ததாகச் சொல்லப்படுகிறது. 1.98 லிட்டரில் வால்வு மூடுகிறது. "ஐநூறு சொன்னேனே தம்பி" என்கிறார் இவர். "சாரி சார், மிச்சம் முந்நூறையும் போட்டுடறேன்" என்கிறார் அவர். நியாயமான முறையில் திரை மறுபடி பூஜ்யத்துக்குப் போய், முந்நூறு வரை ஓடி, 2.98 லிட்டர் காட்டும். இரண்டும் சேர்ந்தால் 4.96. அநியாயமான முறையில் திரை பூஜ்யத்துக்கே போகாது. இருநூறில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முந்நூறில் நிற்கும். உண்மையில் போனது மொத்தமே 2.98 லிட்டர். இவர் ஐநூறு கொடுத்துவிட்டுப் போகிறார். நட்டம் இருநூறு ரூபாய். லிட்டரார் இழந்த 20 காசைப் போல் ஆயிரம் மடங்கு. இதற்குச் சில்லும் வேண்டாம், ரிமோட்டும் வேண்டாம். பல்சர் ஒரு துடிப்பைக்கூடத் தப்பாக எண்ணவில்லை. ஐந்து லிட்டர் கேனில் பிடித்தால் இயந்திரம் குற்றமற்றது என்றே தெரியவரும்.

இதில் ஆய்வாளர்களை மிகவும் கவர வேண்டிய விஷயம், முடிவில் திரை இரண்டு முறையிலும் ஒன்றையே காட்டும் என்பது: ₹300.00, 2.98 லிட்டர், ₹100.80. பெருக்கிப் பார்த்தாலும் ஏறக்குறையச் சரியாகவே வரும். நடுவில் பூஜ்யம் வந்ததா இல்லையா என்பதை, வந்த அந்த நொடியில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மட்டுமே சொல்ல முடியும். பெரும்பாலும் அந்த நொடியில்தான் "கார்டா, ஜிபேயா சார்?" என்று யாராவது கேட்பார்கள்.

பார்க்கத் தவறியவர் ரசீது கேட்கலாம். நியாயமாகப் போட்டிருந்தால் இரண்டு சீட்டு வர வேண்டும்: இருநூறுக்கு ஒன்று, முந்நூறுக்கு ஒன்று. ஒரே சீட்டில் முந்நூறு என்று வந்தால் விஷயம் தெளிவு. ரசீது மெஷினில் பேப்பர் ரோல் தீர்ந்துவிட்டது என்று சொன்னால், அது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது.