ஏறுபணய விளக்கம்

பணயத்தை ஏற்றி ஆடுவோர் இருவகைப்படுவர்: தோற்றபின் ஏற்றுவோர், வென்றபின் ஏற்றுவோர். முன்னவரைத் தோல்வியேற்றிகள் என்றும் பின்னவரை வெற்றியேற்றிகள் என்றும் இக்கட்டுரை வழங்கும். எது நேர்ந்தாலும் ஒரே பணயத்தை வைத்துக்கொண்டிருப்பவரை மூன்றாம் வகையாகச் சேர்ப்பாரும் உண்டு. ஏற்றமே இல்லாதவரை ஏற்றத்தின் வகையாகக் கொள்வது முறையன்று. அவரை மற்ற இருவரையும் அளக்கும் கோலாக மட்டும் கொள்வது போதும்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட களம் ஒற்றைப் பூஜ்ய ரூலெட் சக்கரம். அதில் 37 அறைகள். சிவப்பு 18, கருப்பு 18, எஞ்சிய ஒன்று பச்சை நிறப் பூஜ்யம். சிவப்பின் மேல் ஒரு சில்லு வைத்தவருக்குச் சிவப்பு வந்தால் ஒரு சில்லு கிடைக்கும். மற்றெது வந்தாலும் வைத்தது போகும். வெல்லும் வழி 18, தோற்கும் வழி 19. ஆகவே வைக்கும் ஒவ்வொரு சில்லுக்கும் 37இல் ஒரு பங்கு, அதாவது 2.7 விழுக்காடு, எதிர்பார்ப்பு இழப்பு. பூஜ்யம் விழும்போது பாதிப் பணயத்தைத் திருப்பித் தரும் மேசைகளில் இது 74இல் ஒரு பங்காகக் குறையும். இரட்டைப் பூஜ்யம் கொண்ட அமெரிக்கச் சக்கரத்தில் 19இல் ஒரு பங்காக உயரும். பச்சை அறைகளின் எண்ணிக்கையும் அவற்றுக்கான விதியுமே இப்பங்கைத் தீர்மானிக்கின்றன. ஆடுபவரின் கொள்கைக்கு இதில் இடமில்லை.

தோல்வியேற்றிகளுள் தலைமையானது மார்ட்டிங்கேல் எனப்படும் இரட்டிப்பு முறை. தோற்றால் பணயத்தை இரட்டிக்க வேண்டும். வென்றால் ஒன்றுக்குத் திரும்ப வேண்டும். 1, 2, 4 என மூன்று முறை தோற்று நான்காம் முறை 8 வைத்து வென்றவர், போன 7ஐ மீட்டு ஒரு சில்லு லாபம் பெறுகிறார். எத்தனை தோல்விக்குப் பின் வென்றாலும் அந்த லாபம் ஒன்றே. கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வெனிஸ் நகரில் காசனோவா இம்முறையை நம்பி ஆடித் தம்முடையதல்லாத பொன்னையும் இழந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவர் ஆடியது சக்கரமன்று, சீட்டு. கருவி வேறு என்பதைத் தவிர இங்கு அதனால் வேறுபாடு ஒன்றும் விளையவில்லை.

மேசையின் உச்சவரம்பு 100 சில்லு என்று கொண்டால், 64 வைத்துத் தோற்றவர் 128 வைக்க இயலாது. ஆகவே ஏழு தொடர்த்தோல்வி அவருடைய எல்லை. அதற்குள் 127 சில்லுகள் போயிருக்கும். ஏழும் தோற்பதற்கான வாய்ப்பு 37இல் 19ஐ ஏழு முறை பெருக்கினால் வருவது. அது ஏறத்தாழ 106இல் ஒன்று. எனவே 106 தொடர்களில் 105 தொடர்கள் தலைக்கு ஒரு சில்லு தருகின்றன, எஞ்சிய ஒன்று 127ஐக் கொண்டுபோகிறது. வாய்ப்பை முழு எண்ணாக்காமல் இரண்டையும் கழித்தால் ஒரு தொடருக்குச் சராசரி இழப்பு 0.205 சில்லு. இந்த எண்ணை அப்படியே நினைவில் வைக்க வேண்டும். ஒரு தொடரில் அவர் சராசரியாக மேசைமேல் வைக்கும் மொத்தப் பணயம் 7.59 சில்லு. அதை 37ஆல் வகுத்தாலும் வருவது அதே 0.205.

வெற்றியேற்றிகளுள் தலைமையானது பரோலி. ஒன்று வைத்து வென்றால் இரண்டையும் விட்டுவைப்பது, மீண்டும் வென்றால் நான்கையும் விட்டுவைப்பது, மூன்றாம் வெற்றியில் எட்டையும் எடுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து தொடங்குவது. இடையில் எங்கே தோற்றாலும் அவர் கையிலிருந்து போவது முதலில் வைத்த ஒரே சில்லு. மூன்றும் வெல்லும் வாய்ப்பு 11.5 விழுக்காடு, அப்போது லாபம் 7. மற்ற 88.5 விழுக்காட்டில் இழப்பு 1. சராசரியாக ஒரு தொடருக்கு 0.079 சில்லு இழப்பு. அவர் ஒரு தொடரில் வைக்கும் சராசரிப் பணயம் 2.92, அதன் 37இல் ஒரு பங்கு 0.079.

இழப்பு 0.205 என்பதைவிட 0.079 என்பது சிறியதாகையால் பரோலியே சிறந்தது என்று இவ்விடத்தில் முடிவு கட்டுவது பிழை. பரோலிக்காரர் குறைவாக வைக்கிறார், ஆதலால் குறைவாக இழக்கிறார். அவரும் 7.59 சில்லு வைக்கும் அளவுக்கு ஆடினால், அவருடைய சராசரி இழப்பும் 0.205 ஆகும். இரு முறைகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இழப்பின் அளவில் இல்லை, அதன் வடிவில் இருக்கிறது. இரட்டிப்பவர் பல நாள் சிறிதாக வென்று ஒரு நாள் பெரிதாகத் தோற்பார். பரோலிக்காரர் பல நாள் சிறிதாகத் தோற்று ஒரு நாள் பெரிதாக வெல்வார். இரட்டிப்பவர் முறையைப் பற்றி வெளியே நல்ல பேச்சு மிகுதியாக உலவுவதற்கும் இதுவே காரணம்: எந்த மாலையில் கேட்டாலும் அவர் பெரும்பாலும் வென்றவராகவே இருப்பார்.

இனி எழுதுகோல் பற்றிய பகுப்பு. மார்ட்டிங்கேலும் பரோலியும் நினைவிலேயே ஆடத்தக்கவை. லபூஷேர் முறைக்குத் தாளும் பென்சிலும் வேண்டும். பிரிட்டிஷ் அரசியல்வாதியும் பத்திரிகையாளருமான ஹென்றி லபூஷேரின் (1831–1912) பெயரால் அது வழங்குகிறது. 1, 2, 3, 4 என்று எழுதிக்கொள்ள வேண்டும். இரு முனைகளையும் கூட்டிய தொகை, அதாவது 5, பணயம். வென்றால் முனைகள் இரண்டையும் அடிக்க வேண்டும். தோற்றால் அந்த 5ஐ வரிசையின் கடைசியில் எழுதிச் சேர்க்க வேண்டும். வரிசை முழுதும் அடிபட்டால் லாபம் 10. ஒரு வெற்றி இரண்டு எண்ணை அடிக்கிறது, ஒரு தோல்வி ஓர் எண்ணையே சேர்க்கிறது. ஆகவே வெற்றிகள் தோல்விகளில் பாதியை ஓரளவு தாண்டினாலே வரிசை முடிந்துவிடும். இது உண்மை. முடியாத வரிசைகளில் கடைசி எண் எவ்வளவு பெரிதாகிறது என்பதும் உண்மை. தாளின் அகலம் குறுகியதாக இருந்தால் இதை முன்னதாகவே உணரலாம்.

தாலம்பேர் முறை பென்சில் இல்லாமலும் ஆடத்தக்கது, ஆனால் பென்சிலோடு ஆடுவது நலம். பிரெஞ்சுக் கணித மேதை ழான் தாலம்பேரின் (1717–1783) பெயர் இதற்கு வந்தது பொருத்தமே. 1754இல் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய ஒரு கட்டுரையில் அவர், இரண்டு முறை நாணயம் சுண்டினால் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு நான்கில் மூன்றன்று, மூன்றில் இரண்டு என்று வாதிட்டவர். முறை இதுதான்: தோற்றால் ஒன்று கூட்டு, வென்றால் ஒன்று குறை. பத்து வைத்துத் தோற்றவர் பதினொன்று வைத்து வென்றால், அந்த இணை ஒரு சில்லு லாபம் தரும். வெற்றியும் தோல்வியும் சமமாக முடிந்தால் இணைக்கு ஒன்று வீதம் லாபம். ஆனால் சக்கரத்தில் அவை சமமாக முடிவது சராசரி நிலையன்று; 37 சுற்றுக்கு 18 வெற்றி, 19 தோல்வி. ஆகவே ஒவ்வொரு 37 சுற்றுக்கும் சராசரியாக ஒரு தோல்வி இணை கிடைக்காமல் தனித்து நிற்கிறது, பணயமும் ஒரு படி மேலே போய் அங்கேயே தங்குகிறது. இவ்வாறு நிற்கும் அனாதைத் தோல்விகளே இணைகளின் லாபத்தைத் தின்றுவிடுகின்றன.

முறைகள் எத்தனை புனைந்தாலும் கணக்கு மாறாமைக்குக் காரணம் மிகச் சுருக்கமானது. ஒரு சுற்றில் என்ன வைப்பது என்பதைப் பந்து சுழலும் முன்பே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு முந்தைய சுற்றுகளைப் பார்த்து எடுக்கப்பட்டிருக்கலாம்; ஆனால் முந்தைய சுற்றுகள் அடுத்த சுற்றின் 18க்கு 19ஐ மாற்றுவதில்லை. ஆகவே ஒவ்வொரு சுற்றின் எதிர்பார்ப்பு இழப்பும் அச்சுற்றின் பணயத்தில் 37இல் ஒரு பங்கு. அவற்றையெல்லாம் கூட்டினால் மொத்தப் பணயத்தில் 37இல் ஒரு பங்கு. எதிர்மறை எண்களை எந்த வரிசையில் கூட்டினாலும் நேர்மறை பிறக்காது.

இதற்கு ஒரே ஒரு மறுப்பு மதிக்கத்தக்கது. மேசைக்கு வரம்பும் ஆடுபவரின் செல்வத்துக்கு முடிவும் இல்லையென்றால், இரட்டிப்பவர் என்றேனும் ஒரு நாள் வென்றே தீர்வார், ஒரு சில்லு லாபம் உறுதி. மறுப்பு சரியானது. அந்த நிலையில் அவர் வைக்க வேண்டிய சராசரிப் பணயம் படிக்குப் படி 1.027 மடங்கு கூடிக்கொண்டே போய் முடிவற்றதாகிறது. முடிவற்றதில் 37இல் ஒரு பங்கைக் காண இயலாமையால் மேற்கண்ட கணக்கு அங்கே செல்லாது. முடிவுள்ள செல்வம் உடையவர் எவருக்கும் இந்த விலக்கு பொருந்தாது. ஒரு சில்லு லாபத்துக்காக எல்லையற்ற செல்வத்தை முதலாக வைக்க வல்லவர்களுக்கு அந்தச் சில்லை வேறு வழியில் பெறும் வாய்ப்புகள் இருக்கக்கூடும். அவை இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே உள்ளன.

1913 ஆகஸ்ட் 18 அன்று மோண்டி கார்லோ சூதாட்ட மன்றத்தில் ஒரு மேசையில் கருப்பு தொடர்ந்து 26 முறை வந்தது. அடுத்தது சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதி, பலர் சிவப்பின் மேல் மேலும் மேலும் வைத்துத் தோற்றனர். வரம்பே இல்லாமல் முதலிலிருந்து சிவப்பில் இரட்டித்தவர் 26ஆம் சுற்றில் மட்டும் 3,35,54,432 சில்லு வைத்திருக்க வேண்டும். நம் இரண்டு ஆட்டக்காரர்களையும் 100 சில்லு வரம்போடு அந்த மேசையில் அருகருகே நிறுத்திப் பார்க்கலாம்: பரோலிக்காரர் கருப்பில், இரட்டிப்பவர் சிவப்பில். பூஜ்யத்தில் வைத்தது முழுதும் போகும் என்றும், 27ஆம் சுற்றில் சிவப்பு வந்தது என்றும் கொள்வோம்.

பரோலிக்காரர் மும்மூன்றாக எட்டுத் தொடர்களை முடித்து 56 சில்லு சேர்த்திருப்பார். ஒன்பதாம் தொடரில் இரண்டு வென்று, மூன்றாவதான 27ஆம் சுற்றில் ஒரு சில்லு இழப்பார். நிகரம் 55 லாபம். இரட்டிப்பவர் ஏழேழாக மூன்று தொடர்களில் 381 இழந்து, நான்காம் தொடரில் மேலும் 31 இழந்து, 27ஆம் சுற்றில் 32 வைத்து வென்று, தம் முறை வாக்களித்த ஒரு சில்லு லாபத்தைப் பிழையின்றிப் பெறுவார். நிகரம் 380 இழப்பு.

இவற்றுள் மேசைக்கு உரியது எது, தற்செயலுக்கு உரியது எது என்று பிரிப்பது எளிது. பரோலிக்காரர் வைத்த மொத்தப் பணயம் 63. அதில் மேசையின் பங்கு 1.70. மற்றதெல்லாம் அன்றைய கருப்பு தந்தது. இரட்டிப்பவர் வைத்த மொத்தப் பணயம் 444. அவருடைய 380இல் 368ஐ அன்றைய கருப்பு கொண்டுபோனது. மேசையின் பங்காக நிற்பது 12. 444ஐ 37ஆல் வகுத்தால் மீதியின்றி வருவது அது.