வாட்சைத் தட்டினால் காசு

போனில் ஆப்பிள் பே அருமையாக வேலை செய்கிறது. வாட்சைக் காட்டினால் காசாளர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். ஏன்?
*(வாசகர், புங்கோல்)*

போனில் அட்டையைச் சேர்த்தால் அது போனோடு நின்றுவிடும். வாட்சுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஐபோனில் Watch செயலியைத் திறந்து, My Watch பக்கத்தில் Wallet & Apple Pay என்பதைத் தொடுங்கள். Add Card கொடுத்தால் வங்கி ஒருமுறை சரிபார்க்கும். முடிந்ததும் உங்கள் அட்டை எண்ணுக்குப் பதிலாக வேறொரு எண் வாட்சின் சிப்பில் போய் உட்காரும். கடையின் கருவிக்குப் போவது அந்த எண்தான்.

காசு கட்டும்போது பக்கவாட்டுப் பொத்தானை இருமுறை அழுத்துங்கள். சுழலும் திருகை அல்ல, அதற்குக் கீழே தட்டையாக இருப்பதை. பிறகு வாட்சின் முகத்தைக் கருவிக்கு அருகில் காட்டுங்கள். மணிக்கட்டில் ஒரு சின்ன அதிர்வு வந்தால் காசு போய்விட்டது.

இதற்குப் போன் பக்கத்தில் இருக்க வேண்டுமா?
*(வாசகி, ஈசூன்)*

வேண்டாம். அட்டையைச் சேர்த்த பிறகு போன் வீட்டில் தூங்கலாம், நீங்கள் காப்பி வாங்கலாம்.

எந்நேரமும் பாஸ்கோடு கேட்டு உயிரை வாங்குகிறது. எடுத்துவிடலாமா?
*(வாசகர், செங்காங்)*

எடுத்தால் அட்டைகளும் வாட்சிலிருந்து போய்விடும். காலையில் கட்டியதும் ஒருமுறை பாஸ்கோடு போட்டால், கழற்றும் வரை அது மறுபடி கேட்கக் கூடாது. தோலில் பட்டுக்கொண்டிருக்கிறதா என்பதை அடிப்புறத்து உணரிகள் பார்த்துக்கொண்டே இருக்கும், தொடர்பு விட்டால் பூட்டிக்கொள்ளும். எந்நேரமும் கேட்கிறது என்றால் பட்டை தொளதொளவென்று இருக்கலாம், சட்டைக் கைக்கு மேல் கட்டியிருக்கலாம், அல்லது மணிக்கட்டில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருக்கலாம். பட்டையை ஒரு துளை இறுக்கிப் பாருங்கள். பச்சை குத்தியதுதான் காரணமென்றால் மறு கையில் கட்டுங்கள்.

எம்ஆர்டியில் ஏறும்போது வாட்ச், இறங்கும்போது பிளாஸ்டிக் அட்டை. இரண்டும் ஒரே வங்கி அட்டைதானே? ஏன் கூடுதலாகப் பிடித்தார்கள்?
*(வாசகர், உட்லண்ட்ஸ்)*

உங்களுக்கு ஒரே அட்டை, சிம்ப்ளிகோவுக்கு இரண்டு பேர். வாட்சில் இருப்பது வேறு எண் என்றேன் இல்லையா? ஒருவர் ஏறி இறங்கவே இல்லை, இன்னொருவர் ஏறாமலே இறங்கிவிட்டார். எதில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள். கையில் வாட்சின் பேட்டரி சாகும் தருவாயில் இருந்தால், ஏறும்போதே அட்டையை எடுங்கள்.

என் மனைவி என் வாட்சைக் கட்டிக்கொண்டு போனால் என் கணக்கில் வாங்க முடியுமா?
*(வாசகர், தெம்பனிஸ்)*

பாஸ்கோடு தெரிந்தால் தாராளமாக. தெரியாவிட்டாலும் ஒரு வழி உண்டு. Unlock with iPhone என்ற அமைப்பு போட்டிருந்தால், வாட்ச் யார் கையில் இருந்தாலும், நீங்கள் பக்கத்து அறையில் போனைத் திறக்கும்போது அதுவும் திறந்துகொள்ளலாம். வீட்டில் இது வேடிக்கை. அலுவலகத்தில் வாட்சைக் கழற்றி வைக்கிற வழக்கமுள்ளவர்கள் அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள்.

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நீந்தப் போனபோது வாட்சைத் தொலைத்துவிட்டேன். வங்கி அட்டையை ரத்து செய்ய வேண்டுமா?
*(வாசகி, பிடோக்)*

வேண்டாம், முதலில் மூச்சு விடுங்கள். கையிலிருந்து கழன்றபோதே அது பூட்டிக்கொண்டது. கண்டெடுத்தவருக்குப் பாஸ்கோடு தெரியாதவரை, பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒரு கிண்ணம் லக்சாகூட வாங்க முடியாது.

ஆனாலும் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், பாஸ்கோடு 1234 என்று வைத்திருந்தால் இன்னும் வேகமாக எழுந்திருங்கள். போனில் Find My செயலியைத் திறந்து, Devices பட்டியலில் வாட்சைத் தேர்ந்து, தொலைந்ததாகக் குறியுங்கள் (Lost Mode அல்லது Mark As Lost என்று இருக்கும்). உங்களை அழைக்க ஒரு தொலைபேசி எண்ணும் சேர்க்கலாம், வாட்ச் இணையத்தைத் தொட்டதும் அது திரையில் தெரியும். வாட்சிலுள்ள அட்டைகளுக்கான அனுமதி வங்கிப் பக்கத்தில் நிறுத்தப்படுவதால், வாட்ச் மணலுக்கடியில் இணையமே இல்லாமல் கிடந்தாலும் அந்தத் தடை செல்லும். நிற்பது அந்த வாட்சின் எண் மட்டும். போனில் உள்ள அதே அட்டையும் பர்சில் உள்ள பிளாஸ்டிக்கும் வழக்கம்போல வேலை செய்யும். பர்சும் கூடவே போயிருந்தால்தான் வங்கியை அழைத்து அட்டையையே ரத்து செய்ய வேண்டும்.

போனும் போய்விட்டதென்றால் யாரிடமாவது கைபேசி வாங்கி, உலாவியில் iCloud.com/find பக்கத்துக்குப் போங்கள். ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் போதும், தொலைந்த போனுக்கு வரும் ரகசிய எண் அங்கே தேவையில்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கோபத்தில் Remove This Device அழுத்துவது. அந்த வாட்சை உங்கள் கணக்கோடு கட்டிவைத்திருக்கும் பூட்டு அவிழ்ந்து, எடுத்தவர் அதைப் புதிதுபோலத் தன் போனோடு இணைத்துக்கொள்வார்.

தொலைந்ததாகக் குறித்த வாட்ச் சோபாவுக்கடியில் கிடைத்துவிட்டது!
*(வாசகி, ஜூரோங்)*

அதிலேயே பாஸ்கோடைப் போடுங்கள், தொலைந்த நிலை நீங்கும். ஏதாவது அட்டை திரும்பவில்லை என்றால் Watch செயலியில் மறுபடி சேர்த்துவிடுங்கள். சோபாவுக்கடியில் வேறு என்னென்ன கிடைத்தது என்று எழுதவே இல்லையே?